கொத்து 1,000 ரூபா, கையில நிக்கிறது எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில கடை போர்டு இல்லாம டிலிவரி அப்புகளில மட்டும் சாப்பாடு விக்கிற ஆக்களுக்கு நான் கணக்குப் பாக்கிறன். வாற எல்லாரும் முதல்ல காட்டுறது மாதத்து மொத்த விற்பனையைத்தான். ஒரு ஓடர் போனா கையில என்ன நிக்குது எண்டு கேட்டா அனேகமா பதில் வராது.

கொக்குவில் தம்பி ஒருத்தரின்ர கணக்கை எடுப்பம். கோழிக் கொத்து 1,000 ரூபா. அப் எடுக்கிற கொமிசன் 27 வீதம், அதில 270 போகுது, அந்தக் கொமிசனுக்கு மேல 18 வீதம் வற் வரியும் பில்லில போடுறாங்கள், அது 49. மிச்சம் 681. ரொட்டி, கோழி, முட்டை, லீக்ஸ், எண்ணெய், காஸ் எல்லாம் சேத்து 430, பெட்டி, குழம்புக் கப், பை, கரண்டி 75. கையில 176. சாப்பிடுறவர் டிலிவரிக்கு எண்டு கட்டுற காசு குசினிக்கு வாறேல்ல, அதை வரவில சேக்காதேங்கோ.

அறை வாடகை, கரண்ட், உதவிக்கு நிக்கிற பெடியன்ர சம்பளம் மாதம் 90,000. 176 நிண்டா நாளுக்கு 17 ஓடரோட அது கட்டுப்படும், இது செய்யக்கூடியதுதான்.

பிறகு அப்பில மேல தெரியவேணும் எண்டு 15 வீதம் கழிவு போட்டார், அந்த 150உம் அவரின்ர தலையில. இங்கதான் ஒப்பந்தத்தை வாசிக்கவேணும்: கொமிசன் கழிவுக்கு முந்தின விலையிலயா பிந்தின விலையிலயா வெட்டுறாங்கள்? பிந்தினதில எண்டா ஓடருக்கு 74 மிஞ்சும். இவருக்கு முந்தினதில வெட்டினதால மிஞ்சினது 26 ரூபாதான். இப்ப அதே 90,000ஐ எடுக்க நாளுக்கு 115 ஓடர் வேணும், ஒரு தட்டும் ரெண்டு கையும் வச்சு அது நடக்காது. விற்பனை கூடுது, காசு இல்லை எண்டு அவர் வந்தது இதாலதான்.

பெட்டியில காசு மிச்சம்பிடிக்கப் போறதும் ஆபத்து. மூடி இறுகாத கப்பில குழம்பு ஊத்துப்பட்டு ஒரு ஓடர் ரீபண்ட் ஆனா சாமானும் பெட்டியுமா 505 போச்சு, 26 ரூபாப்படி அதை எடுக்க இன்னும் 20 ஓடர் அனுப்பவேணும். கப் நல்லதா வாங்குங்கோ, கரண்டியைக் கேட்டாக்களுக்கு மட்டும் வையுங்கோ.

சரி, அப்பே வேண்டாம், வட்ஸப்பில ஓடர் எடுத்து நாங்களே கொண்டுபோய்க் குடுப்பம் எண்டா? நல்லூர்ப் பக்கம் போய்வர பெற்றோல் 45 எண்டு வையுங்கோ, பைக்கில ஓடுறவருக்குப் பின்னேரத்துக்கு 1,800. டிலிவரிக் காசு தனியா வாங்காட்டி 5 ஓடருக்கு ஒண்டுக்கு 405 விழும், அப் வெட்டுற 319ஐ விடக் கூட. 7 ஓடர் வந்தா 302, அங்கயிருந்துதான் லாபம். அதால தம்பி இப்ப கழிவை நிப்பாட்டிப்போட்டு, வெள்ளி சனிப் பின்னேரம் மட்டும் பைக் ஓட ஆளைப் பிடிக்கிறார், மற்ற நாளில அப்தான்.