வெள்ளி மாலை மின்னஞ்சலும் திங்கள் காலைக் கெடுவும்

பிரான்சில் மாலை ஆறு மணிக்குமேல் அலுவலக மின்னஞ்சல் அனுப்புவது சட்டவிரோதம் என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் பொறியியல், ஆலோசனைத் துறை முதலாளிகளின் கூட்டமைப்பு தொழிற்சங்கங்களுடன் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையை வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியதில் பிறந்த கதை அது. உடன்படிக்கையில் ஆறு மணி என்ற பேச்சே இல்லை. வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளைக் கவனிக்காதிருக்க ஊழியருக்கு இடம் தரும், 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ‘தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’யும் அனுப்புபவரின் கையைக் கட்டவில்லை. 50 பேருக்குக் குறையாத நிறுவனம் இதைப் பற்றித் தொழிற்சங்கத்துடன் பேச வேண்டும், உடன்பாடு எட்டாவிட்டால் ஊழியர் குழுவின் கருத்தைக் கேட்டுத் தானே ஒரு சாசனம் எழுத வேண்டும் என்பதே சட்டம் சொல்வது. சாசனம் எழுதாவிட்டால் இன்ன அபராதம் என்று அதில் தனியாக எதுவும் இல்லை.

அதனால்தான் பல நிறுவனங்கள் நான்கு பக்கச் சாசனம் ஒன்றை எழுதி, உள்வலையில் ஏற்றிவிட்டு மறந்துவிடுகின்றன. பாரிஸ் வட்டாரத்தில் மனிதவளப் பணியில் இருக்கும் நான் ஒரு துறையைப் பார்வையிடப் போகும்போது சாசனத்தைக் கேட்பதில்லை. கடைசி மாதத்து மின்னஞ்சல்களின் நேரத்தையும், அவற்றுக்கு வந்த பதில்களின் நேரத்தையுமே கேட்கிறேன்.

காரணம், ஓய்வு நேரத்தைப் பற்றிய சட்டம் சாசனத்தைவிடப் பழையது, கடுமையானது. ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 11 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு இருந்தாக வேண்டும். மேலாளர் செவ்வாய் இரவு 10:20க்கு ஓர் அட்டவணையைத் திருத்தித் தரும்படி கேட்கிறார், ஊழியர் 10:50க்கு அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அவர் புதன்கிழமை காலை 9:50க்கு முன்னால் வேலையைத் தொடங்கக் கூடாது. ஆனால் குழுக்கூட்டமோ 9 மணிக்கு. இப்படி ஒரே ஒரு முறை நடந்ததை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். வாரந்தோறும் நடந்தால், ஊழியர் ஒருநாள் தொழில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் கோப்பு அந்த மின்னஞ்சல்களிலேயே தயாராகிவிடுகிறது. “நான் கேட்கவில்லை, அவராகவே எழுதினார்” என்ற பதில் சில வேளைகளில் எடுபடும். ஆனால் இரவு வேலை நடப்பது தெரிந்தும் மேலாளர் பேசாதிருந்தால், அந்த மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படலாம்.

மணிக்கணக்கில்லாமல், ஆண்டுக்கு அதிகபட்சம் 218 நாள் என்று நாள்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொண்டவர்களிடம் ஆபத்து இன்னும் கூடுதல். இவர்களுக்கு நேரக்கணக்கே இல்லை என்று மேலாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்; ஆனால் 11 மணி நேர ஓய்வு இவர்களுக்கும் உண்டு. வேலைப்பளுவை நிறுவனம் உள்ளபடியே கண்காணிக்கவில்லை என்று தெரிந்தால், அந்த நாள்கணக்கைச் செல்லாததாகவோ பயனற்றதாகவோ நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். அப்போது கணக்கு வாரத்துக்கு 35 மணி நேரம் என்பதற்குத் திரும்பும். மூன்று ஆண்டுகள் வரையிலான கூடுதல் நேர ஊதியத்தை ஊழியர் கேட்க முடியும்.

இதற்கு நிறுவனங்கள் கண்டுபிடித்த மருந்து, கையொப்பத்தின் கீழே ஒரு வரி: “அலுவலக நேரத்துக்கு வெளியே வரும் என் மின்னஞ்சலுக்கு உடனே பதில் தேவையில்லை.” நல்ல வரிதான். ஆனால் அதற்கு நேர் மேலே “எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில்” என்று இருந்தால், ஊழியர் மேலே உள்ளதைத்தான் படிப்பார். அனுப்புதலைக் காலை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கும் வசதியும் அப்படித்தான்: பெறுபவரின் இரவு தப்புகிறது, அனுப்பியவர் நள்ளிரவில் உழைத்தது மறைந்துபோகிறது.

உண்மையில் நான் அதிகம் கண்ட மீறல் இரவில் நடப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை 5:40, எல்லா வகையிலும் அலுவலக நேரம். “திங்கள் 9 மணிக் கூட்டத்துக்கு மூன்றாம் காலாண்டுச் செலவு ஒப்பீடு தேவை. நல்ல வார இறுதியாக அமையட்டும்.” மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஒப்பீட்டைத் தயாரிக்க நான்கு மணி நேரம் ஆகும். பெறுபவர் ஆறு மணிக்குக் கிளம்புபவர். சாசனத்தின் எந்த வரியும் மீறப்படாமலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. எனவே சாசனங்களில் நான் சேர்க்கச் சொல்வது அனுப்பும் நேரத்தைப் பற்றிய தடை அல்ல. கெடு குறிக்கும் எவரும், வேலைக்கு ஆகும் நேரத்தைப் பெறுபவரின் அலுவலக மணிகளில் மட்டும் எண்ணிப் பார்த்து, நாளையும் மணியையும் எழுத வேண்டும் என்ற விதியையே சேர்க்கச் சொல்கிறேன். மேற்சொன்ன ஒப்பீட்டுக்கு அந்த எண்ணிக்கை திங்கள் பிற்பகலில்தான் முடியும். ஆகவே கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும், அல்லது வியாழனன்றே கேட்டிருக்க வேண்டும்.

இரவிலும் பதில் கட்டாயம் தேவைப்படும் பணிகள் உண்டு. நிறுவனத்தின் கணினி வழங்கி பழுதானால் காலை வரை காத்திருக்க முடியாது. அதற்குச் சட்டத்தில் ‘அஸ்த்ரேந்த்’ என்ற தனி ஏற்பாடு இருக்கிறது: யார், எந்த இரவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, காத்திருப்பதற்கே ஈடு தரப்படும். கீழுள்ளவர்கள் அழைத்தால் பேசுவதற்காகக் கைப்பேசியை எப்போதும் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்த ஒரு மேலாளர் தொடுத்த வழக்கில், பெயர் சொல்லாமல் நடந்த அஸ்த்ரேந்த்தான் அது என்று 2018 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நிறுவனம் கொடுக்க நேர்ந்த ஈடு 60,000 யூரோவுக்கும் மேல்.