எட்டு மாதம் ஓடாத காருக்கும் முழு பிரீமியமா?

வெளிநாட்டு வேலை, நீண்ட சிகிச்சை என்று ஏதோ ஒரு காரணத்தால் கார் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கிறது. பலர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாலிசி காலாவதியான பிறகு கார் திருடுபோனால் ஒரு பைசா கிடைக்காது. 90 நாள் தாண்டினால் பல வருடமாகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அதற்குப் பதில் இந்திய மோட்டார் டாரிஃப் என்ற காப்பீட்டு விதித்தொகுப்பு வகுத்த ஒரு வழி இருக்கிறது. ஐஎம்டி 11 என்ற என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு இணைக்கும் திருத்தத் தாள்தான் அது. ஏஜென்ட்கள் தாமாக இதைச் சொல்வது அபூர்வம். நாம்தான் கேட்க வேண்டும்.

வண்டி தொடர்ந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஷெட்டில் நிற்கப் போகிறது என்றால் இதைக் கேட்கலாம். பாலிசியில் அடங்கிய விபத்தால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்கு இது கிடையாது. திரும்பும் தேதி முன்பே தெரிந்தால் 11ஏ, தெரியாவிட்டால் 11பி. 11பி எடுத்தவர்கள் வண்டியை மறுபடி எடுக்கும்போது 11சி வாங்கினால்தான் முழுப் பாதுகாப்பும் திரும்ப வரும்.

இந்தக் காலத்தில் பாலிசி முழுவதும் நின்றுவிடுவதில்லை. தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றால் காருக்கு வரும் சேதத்துக்குப் பாதுகாப்பு தொடரும். சென்னை போல மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஊரில் இதுதான் பெரிய விஷயம். மோதல் சேதமும் மூன்றாம் நபர் பொறுப்பும் நிறுத்திவைக்கப்படும். பேட்டரி இறங்காமல் இருக்க மைத்துனர் காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, அதில் யாராவது அடிபட்டால், இழப்பீட்டைக் குடும்பம்தான் தர வேண்டியிருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. அதனால் இன்ஜினை வீட்டு வளாகத்துக்குள் ஸ்டார்ட் செய்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவோரம் நிற்கும் காருக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. விதி சொல்வது கராஜில் நிற்கும் வண்டியை.

சரி, பணம் எப்படிக் குறைகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருநெல்வேலியில் ஒருவருடைய 1,200 சிசி கார், பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 ரூபாய், மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், ஜிஎஸ்டியை விட்டுவிட்டால் மொத்தம் 12,416. ஜூலை 1 முதல் பிப்ரவரி 28 வரை, அதாவது 243 நாள், கார் நிற்கிறது. அந்த நாட்களுக்கு உரிய பிரீமியம் 8,266 ரூபாய். தீ, திருட்டு முதலிய பாதுகாப்பு தொடர்வதால் அதற்கான பங்கைக் கழிப்பார்கள். அது வருடத்துக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 243 நாளுக்கு 1,997. மீதி 6,269 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது.

ஆனால் அது கையில் பணமாக வராது. அடுத்த வருடம் புதுப்பிக்கும் பிரீமியத்தில் கழித்துக்கொள்வார்கள், நோ கிளெய்ம் போனஸ் இந்தத் தொகை போக மீதியுள்ள பிரீமியத்துக்குத்தான் கணக்கிடப்படும். அதே கம்பெனியில் தொடராதவருக்கு இது பயன் தராது. இன்னொரு வழி, 1,997 ரூபாயைக் கூடுதலாகக் கட்டி பாலிசிக் காலத்தை நீட்டிக்கொள்வது. மேலே சொன்ன காருக்குப் பாலிசி நவம்பர் 29 வரை ஓடும். கம்பெனி மாறும் எண்ணம் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பேன்.

விண்ணப்பத்தை வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கழிந்த மாதங்களுக்குப் பின்னர் போய்க் கேட்டுப் பயனில்லை. பாலிசி எண், வண்டி எண், நிறுத்தும் இடம், தொடங்கும் தேதி, தெரிந்தால் முடியும் தேதி, மேற்கண்ட இரண்டில் எந்த வழி வேண்டும் என்பதை எழுதி, கிளை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். போனில் சொன்னது செல்லாது. என்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் தேதிகளையும், வெள்ளமும் திருட்டும் அதில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தீ, திருட்டுப் பாதுகாப்பு வராது. முதலிலேயே அவரிடம் அது இல்லை. கார் லோன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள், ஏனென்றால் முழுக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது லோன் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும்.

ஊர் திரும்பியதும் சாவியைத் திருப்புமுன் 11ஏ எடுத்தவர்கள் அதில் குறித்த தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டால் கம்பெனிக்கு எழுதி, முழுப் பாதுகாப்பு மீண்டதாகத் திருத்திய தாள் வந்தபிறகே காரை வெளியே எடுங்கள்.