டியூட்டியில் குடித்திருந்தார் என்று வெளியே அனுப்பினால்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலோர் வேலையை இழப்பது விசாரணையில் அல்ல, செக்யூரிட்டி ரூமில் கழியும் முதல் அரை மணி நேரத்தில்தான். "வாடை வருதுய்யா" என்பார் செக்யூரிட்டி. எச்.ஆர். வருவார். ஒரு வெள்ளைத் தாள் வரும். "எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசி முடிச்சுக்கலாம்." வாசகத்தை அவர்களே சொல்வார்கள்: 'மது அருந்திவிட்டுப் பணிக்கு வந்தது என் தவறு. நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' அந்த ஒரு தாள் போதும், அதன்பிறகு நிர்வாகம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

அதனால் அந்தத் தாளில் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், 'இன்று இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், என்னை நிறுத்திவைத்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்யக் கேட்கிறேன்' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். ராஜினாமா கடிதம் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம். "டிஸ்மிஸ் ஆனா வேற எங்கயும் வேலை கிடைக்காது, நீயே எழுதிக் கொடுத்தா செட்டில்மெண்ட் தர்றோம்" என்பது பழைய வசனம். ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு வேலைநீக்க வழக்கு போடுவது மிகவும் கஷ்டம்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. பணியில் போதையில் இருப்பது பல கம்பெனிகளின் நிலையாணைகள் என்ற பணி விதிகளில் நடத்தைக்கேடு என்று எழுதப்பட்டிருக்கும். அதற்காக வேலையைவிட்டு நீக்கலாம். ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்திவிட்டுத்தான் நீக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் நிலையாணை கட்டாயம், முன்பு இது 100. "நம்ம கம்பெனிக்கு ஸ்டாண்டிங் ஆர்டரே கிடையாது, விசாரணை தேவையில்லை" என்று இனி நிறைய பேர் சொல்வார்கள். நிலையாணை இல்லாவிட்டாலும், ஒருவர் மேல் குற்றம் சுமத்தி நீக்கும்போது அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரியில் நடந்ததைச் சொல்கிறேன். மோல்டர், பதினோரு வருட சர்வீஸ், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். முந்தின நாள் இரவு விசேஷ வீட்டில் குடித்தவர், மறுநாள் இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்திருக்கிறார். கேட்டில் நிறுத்தினார்கள். கருவியில் ஊதச் சொல்லவில்லை. கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் ஒரு துண்டுத் தாளில் 'மது வாடை உள்ளது' என்று எழுதினார். மறுநாள் போனால் பஞ்சிங் கார்டு வேலை செய்யவில்லை. எச்.ஆரிடம் கேட்டால் "நாங்க கூப்பிடுறோம், அதுவரை வராதே". இவரும் நம்பி வீட்டில் இருந்தார். பத்து நாள் தாண்டியதும் ஒரு கடிதம் வந்தது. அதில் குடி பற்றி ஒரு வரி கூட இல்லை. 'அனுமதியின்றிப் பத்து நாட்களுக்கு மேல் பணிக்கு வராததால் பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படுகிறது' என்று இருந்தது.

இந்தத் தந்திரம் மிகவும் சகஜம். போதையை நிரூபிப்பது சிரமம், வராமல் இருந்ததை நிரூபிக்க வருகைப் பதிவேடு போதும். உள்ளே விடாத அன்றே 'இந்தத் தேதி, இந்த நேரத்துக்கு வேலைக்கு வந்தேன், கேட்டில் அனுமதிக்கவில்லை, நான் வேலை செய்யத் தயார்' என்று மூன்று வரி எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதையே எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். இரண்டு மூன்று நாள் கேட்டுக்குப் போய்த் திரும்புங்கள், அலுப்பாகத்தான் இருக்கும். மோல்டர் தரப்பில் இப்படி ஒரு தாள் கூட இல்லை. செக்யூரிட்டி ரூம் வாசலில் நின்று தம்பிக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவுதான் கடைசியில் கைகொடுத்தது.

அடுத்தது, ஆதாரம். வாடை வருவதும் போதையில் இருப்பதும் ஒன்றல்ல. வாடை, தள்ளாட்டம், உளறல் இவை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971-ல் ஒரு வழக்கில் சொன்னது. அது குற்ற வழக்கு. கம்பெனி விசாரணையில் அந்த அளவு கறாரான ஆதாரம் தேவையில்லை, நம்பத்தக்க சாட்சி இருந்தால் போதும் என்பார்கள். எனவே அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், டாக்டர் கொடுக்கும் சான்றிதழின் கடைசி வரியைப் படியுங்கள். 'மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் போதையில் இல்லை' என்று எழுதும் வழக்கம் உண்டு. கம்பெனி தரும் சார்ஜ் மெமோ என்ற குற்றக் குறிப்பாணைகள் பலவற்றில் இந்த வரியின் முதல் பாதி மட்டும் இடம்பெறும்.

ஊதும் கருவி என்றால் கவனிக்க வேண்டியவை உண்டு. குடித்த, சாப்பிட்ட, இருமல் மருந்து குடித்த, வாய் கொப்பளித்த உடனே ஊதினால், வாயில் மிச்சமிருக்கும் ஆல்கஹாலையே கருவி காட்டும். குறைந்தது கால் மணி நேரமாவது காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். கேரளாவில் பந்தளம் அரசுப் பேருந்து டிப்போவில் 2025 ஜூலையில் பலாப்பழம் சாப்பிட்ட ஓட்டுநர்கள் குடித்ததாகக் கருவி காட்டியது. ஓட்டுநர் ஒருவர் விடாமல் வாதாடியதால், முதலில் ஊதியபோது எதுவும் காட்டாத ஒருவரைப் பலாப்பழம் தின்னவைத்து ஊதச் சொன்னார்கள். அவருக்கும் காட்டியது. அவர்கள் அன்று அந்த இடத்திலேயே மறுசோதனை கேட்டதால்தான் தப்பினார்கள்.

ஊதமாட்டேன் என்று மறுக்காதீர்கள், மறுத்ததே உங்களுக்கு எதிராகப் போகும். ஊதிவிட்டு, பிரிண்ட் காப்பி கேளுங்கள், ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு மணிக்கு சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே போகும். நாளைக்குப் போய்ச் செய்யும் டெஸ்டால் யாருக்கும் பயனில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை: "100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது." அது மோட்டார் வாகனச் சட்டம் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு வைத்த எல்லை. ஃபேக்டரிக்கு அது பொருந்தாது. கம்பெனி நிலையாணையில் 'மதுவுடன் வரவே கூடாது' என்று இருந்தால் அதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேதி, நேரம், இடம், எந்த விதியை மீறினீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். சோதனைச் சீட்டு, டாக்டர் சான்றிதழ், செக்யூரிட்டி ரிப்போர்ட், சிசிடிவி பதிவு எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டுவிட்டு விளக்கம் கொடுங்கள். விசாரணைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். 'வரவில்லை' என்று எழுதி ஒருதலையாக முடித்துவிடுவார்கள். வாடையைக் கண்டுபிடித்த அதே அதிகாரி விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தால், எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேளுங்கள். செக்யூரிட்டியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது "அன்று அதற்குமுன் மெஷினில் வேலை செய்தேனா, தள்ளாடினேனா, எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள்" என்று கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் 'தமிழில் படித்துக் காட்டப்படவில்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். முடிவில் விசாரணை அறிக்கையின் நகல் கொடுத்து, அதற்கு உங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் தண்டனை. பழைய மெமோக்களைக் காட்டித் தண்டனையைக் கூட்டினால், அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்குமேல் இழுத்தால் முழுச் சம்பளம். மேலே சொன்ன மோல்டருக்கு இது மாதம் 9,000, பிறகு 13,500, பிறகு 18,000. புதிய சட்டத் தொகுப்பு பாதியும் முக்காலும் சொல்லி, 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கவும் சொல்கிறது. வாய்மொழியாக 'வராதே' என்பதற்குக் காரணமே இந்தப் பணம்தான். சஸ்பென்ஷன் ஆர்டரை எழுத்தில் கேளுங்கள்.

விசாரணையே இல்லாமல் நீக்கினால் வேலை தானாகத் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகம் புதிதாகச் சாட்சி போட்டு நிரூபிக்க முடியும். உங்கள் தாள்கள் அங்கேதான் உதவும். குற்றம் நிரூபணமானாலும், தண்டனை மிகையாக இருந்தால் குறைக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் செய்த வேலையைப் பொறுத்து இது மாறும். பஸ், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்றால் இரக்கம் குறைவு. போலீஸ்காரர்களை ஏற்றிய லாரியைக் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் வழக்கில், பல வருட சர்வீஸைப் பார்த்து 2022-ல் உச்ச நீதிமன்றம் வேலைநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியதே தவிர, அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை.

எங்கே போவது என்பதில்தான் அலைச்சல். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், அவர்கள் பாதுகாப்பைப் பார்ப்பவர்கள், வேலைநீக்கம் அவர்கள் வேலையில்லை. உங்களுக்கு வேண்டியவர் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்). மனுவில் தேதியுடன் சீல் வாங்கிய நகல் இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். சமரசத்துக்கு நிர்வாகம் வராது, வாய்தா மேல் வாய்தா போகும். மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால் நீங்களே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். "சமரசம் முறிந்தது என்ற முறிவறிக்கை வரட்டும்" என்று கவுண்டரில் சொன்னால், இந்த வழிக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் மூன்று வருட அவகாசம், புதிய தொகுப்பில் இரண்டு வருடம். எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் போட்டுவிடுங்கள். மோல்டர் விவகாரம் சமரசத்திலேயே முடிந்தது. சோதனைச் சீட்டைக் காட்டச் சொன்னதும் நிர்வாகம் இறங்கிவந்து, வெளியே இருந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை கொடுத்தது.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. உங்களை 'சூப்பர்வைசர்' என்று அழைத்து, சம்பளமும் 18,000-க்கு மேல் போனால், நீங்கள் தொழிலாளியே இல்லை என்பார்கள். பேட்ஜில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, கையில் செய்த வேலை என்ன என்பதுதான். கடை, அலுவலகம் போன்ற இடங்களில் ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை செய்தவருக்குத் தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவில் தனி மேல்முறையீடு இருக்கிறது, அதற்கு 30 நாள்தான். கான்ட்ராக்டில் இருந்தால் சம்பளச் சீட்டில் பெயருள்ள கான்ட்ராக்டரையும், வேலை செய்த கம்பெனியையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கடைசியாக, கிராஜுவிட்டி. "குடித்து மாட்டினால் கிராஜுவிட்டி கிடையாது" என்று மிரட்டுவார்கள். வன்முறை, கலவரமான நடத்தை, ஒழுக்கக்கேடான குற்றம், அல்லது கம்பெனி சொத்துக்கு ஏற்பட்ட நஷ்டம், இவற்றுக்குத்தான் பிடிக்க முடியும். அமைதியாக நின்றவர்மேல் வாடை வந்தது என்பது இதில் வராது. பி.எஃப். பணத்தையும் தொட முடியாது. செட்டில்மெண்ட் ரசீதில் 'முழுவதும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை' என்று இருந்தால், 'வேலைநீக்கத்தை எதிர்க்கும் என் உரிமைக்குப் பாதகமின்றி, எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடாவிட்டால், அன்று மாலையே இன்னொரு ஸ்பீடு போஸ்ட்.