லோகேல்: சொல்லும் அதன் தமிழும், சிதைந்த கோப்புப் பெயர்களும்

லினக்ஸ் சேவையகங்களைக் கையாள்வோர் அன்றாடம் புழங்கும் ‘லோகேல்’ என்னும் சொல், இடம் என்று பொருள்படும் ‘லோகுஸ்’ என்ற இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு நிகழ்ச்சி நடைபெறும் இடத்தை மட்டுமே குறித்த அச்சொல்லுக்குக் கணினித் துறை வேறொரு பொருளை ஏற்றியது. 1989இல் வரையறுக்கப்பட்ட சி நிரல்மொழித் தரநிலையில் `setlocale` என்ற செயற்கூறு இடம்பெற்றபோது, ஒரு நாட்டில் தேதியை எப்படி எழுதுவார்கள், பணத்தை எப்படிக் குறிப்பார்கள், சொற்களை எந்த வரிசையில் அடுக்குவார்கள், எழுத்துகளை எந்தக் குறியேற்றத்தில் சேமிப்பார்கள் என்பன போன்ற வழக்கங்களின் தொகுப்புக்கே அது பெயராயிற்று.

தமிழில் இதற்கு ‘வட்டார அமைவு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ‘மொழிச்சூழல்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் ஒரே மொழிக்குப் பல லோகேல்கள் இருப்பதால் அது முழுப்பொருளைத் தருவதில்லை. ‘வட்டார வழக்கு’ என்றாலோ நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும்தான் நினைவுக்கு வரும். ஜூரோங் வட்டார நூலகம் என்று சொல்லிப் பழகிய சிங்கப்பூர் வாசகருக்கு ‘வட்டாரம்’ அந்நியமான சொல்லும் அன்று. எனினும் இந்தப் பெயரில் ஒரு பொறியும் உண்டு. தமிழ்க் கோப்புப் பெயர்களைச் சிதைப்பது வட்டாரமோ மொழியோ அன்று. அந்த அமைவின் ஒரே ஓர் உறுப்பான `LC_CTYPE`, அதாவது எழுத்துக் குறியேற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதிதான்.

சிதைவு எப்படி நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இங்குள்ள ஒரு துணைப்பாட நிலையத்தின் மாணவர்கள் தம் கட்டுரைகளை இணையத்தில் பதிவேற்றுகிறார்கள் என்றும், அவற்றைப் பெற்றுச் சேமிக்கும் செயலி ஜாவாவில் எழுதப்பட்டது என்றும் கொள்வோம். ஒரு மாணவி அனுப்பிய கோப்பின் பெயர் `தமிழ்.pdf`. நிர்வாகி சேவையகத்தில் நுழைந்து `ls` கட்டளையை இட்டால் பின்வருமாறு தோன்றக்கூடும்.

```
''$'\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215''.pdf'
```

காண்பதற்கு அச்சமூட்டினாலும் இது சேதம் அன்று. லினக்ஸ் கருவகத்துக்கு எழுத்து என்பதே தெரியாது. சாய்கோடும் சுழியப் பைட்டும் வரக்கூடாது, பெரும்பாலான கோப்பு முறைமைகளில் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்னும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட வெறும் பைட் தொடராகவே அது கோப்புப் பெயரைக் காண்கிறது. (யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதால், நீளமான தமிழ்த் தலைப்புகள் அந்த எல்லையை எதிர்பாராத விரைவில் முட்டிவிடும்.) பைட்டுகளை எழுத்தாகப் படித்துக் காட்டும் பொறுப்பு `ls` போன்ற செயலிகளுடையது. அந்த அமர்வின் வட்டார அமைவு `C` ஆகவோ `POSIX` ஆகவோ இருந்தால், அவை ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அறிந்தனவாக நடந்துகொண்டு, எஞ்சிய பைட்டுகளை `\340` போன்ற எட்டடிமான எண்களாக மாற்றிக் காட்டுகின்றன.

ஆகவே திரையை நம்பாமல் வட்டில் உள்ள பைட்டுகளையே பார்ப்பதுதான் முதல் சோதனை. அந்தக் கோப்பு மட்டும் இருக்கும் அடைவில் இதை இயக்கினால் போதும்.

```
ls | od -An -tx1
```

விடை `e0 ae a4 e0 ae ae` என்று தொடங்கினால் பெயர் பத்திரமாக உள்ளது. `e0 ae a4` என்பது ‘த’, `e0 ae ae` என்பது ‘ம’. குறை காட்சியில் மட்டுமே இருப்பதால் அமர்வின் `LANG` மதிப்பை மாற்றினாலே தமிழ் தெரியும். பைட்டுகள் `c3 a0 c2 ae c2 a4` என்று தொடங்கினால், சரியான யுடிஎஃப்-8 பெயரை யாரோ லத்தீன்-1 என்று தவறாக எண்ணி மீண்டும் ஒருமுறை யுடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். திரையில் `à®¤` என்று தொடங்கும் அந்தப் பழக்கமான கிறுக்கல் இதன் விளைவுதான். இதை `convmv` கருவியால் தலைகீழாக மாற்றி மீட்கலாம்.

```
convmv -r -f utf8 -t latin1 --fixdouble .
```

இக்கட்டளை என்ன செய்யவிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். `--notest` சேர்த்தால்தான் பெயர்கள் உண்மையில் மாறும். இந்தத் தற்காப்பு வரவேற்கத்தக்கதே.

மீட்க இயலாத நிலை மூன்றாவது. சோதனையில் `3f 3f 3f 3f 3f` என்று வந்தால், வட்டில் இருப்பவை மெய்யான கேள்விக்குறிகள். ஜாவாச் செயலி `C` அமைவில் தொடங்கப்பட்டால், கோப்புப் பெயருக்கான குறியேற்றம் ஆஸ்கி என்று முடிவுசெய்து, அதில் அடங்காத ஒவ்வொரு குறியுருவையும் ஒரு கேள்விக்குறியாக்கிவிடுவதுண்டு. ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியுருக்களால் ஆனது. ‘கவிதை’யும் அவ்வாறே ஐந்து குறியுருக்களைக் கொண்டது. ஆகவே இருவேறு மாணவர்களின் `தமிழ்.pdf`, `கவிதை.pdf` ஆகிய இரண்டும் `?????.pdf` என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. செயலி முன்னெச்சரிக்கையின்றி எழுதினால் பின்னது முன்னதை அழித்துவிடும். பெயர் அழகு கெட்டது என்று தொடங்கும் புகார் இங்கே கட்டுரையே காணாமற்போனது என்று முடிகிறது. ஜாவா 18 முதல் கோப்பின் உள்ளடக்கத்துக்கு யுடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது. ஆனால் கோப்புப் பெயர் இன்றும் வட்டார அமைவையே சார்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

‘நான் நுழைந்து பார்த்தால் தமிழ் நன்றாகத் தெரிகிறதே’ என்று நிர்வாகி சொல்வது இயல்பு. அவருடைய கணினியின் `LANG` மதிப்பை எஸ்எஸ்ஹெச் இணைப்பு தன்னோடு எடுத்துச் செல்வதுண்டு. பின்னணிச் சேவைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொள்கலன்களிலும் சிறிதாகச் சுருக்கப்பட்ட நிறுவல்களிலும் `LANG` பெரும்பாலும் அமைக்கப்படாமலே இருக்கும். டெபியன், உபுண்டு ஆகியவற்றின் அப்பாச்சியோ `/etc/apache2/envvars` கோப்பில் `export LANG=C` என்று வெளிப்படையாகவே எழுதி வருகிறது. ஆதலால் சேவையின் சூழலையே கேட்க வேண்டும். கீழே `1234` என்பதற்குப் பதிலாகச் சேவையின் செயல்முறை எண்ணை இடுக.

```
sudo cat /proc/1234/environ | tr '\0' '\n' | grep -E '^(LANG|LC_)'
```

எதுவும் வராவிட்டால் அது `C` அமைவில் ஓடுகிறது என்று பொருள். சிஸ்டம்டி நிர்வகிக்கும் சேவையாயின் `systemctl edit` வழியாக இவ்விரு வரிகளைச் சேர்த்து, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

```
[Service]
Environment=LANG=C.UTF-8
```

இதற்குத் தமிழ் வட்டார அமைவு எதையும் நிறுவத் தேவையில்லை. குனு சி நூலகத்தில் தமிழுக்கு `ta_IN`, `ta_LK` ஆகியவை உண்டு. சிங்கப்பூர்த் தமிழுக்கென `ta_SG` கிடையாது. இது நமக்கு ஒரு குறைதான் என்றாலும், கோப்புப் பெயர்களை அது பாதிப்பதில்லை. ஆங்கிலத்துக்கான `en_SG.UTF-8` தமிழ்ப் பெயர்களைப் பிழையின்றிக் கையாளும். ஆனால் பின்னொட்டை விட்டுவிட்டு `en_SG` என்று மட்டும் எழுதினால் அதே நூலகம் அதனை ஐஎஸ்ஓ-8859-1 குறியேற்றமாகக் கொள்ளும். எங்காவது `LC_ALL=C` என்ற வரி எஞ்சியிருந்தாலும் அது `LANG` மதிப்பை மீறிவிடும் என்பதால் அதையும் தேடி நீக்க வேண்டும்.

இத்திருத்தம் இனி வரும் கோப்புகளுக்கே பயன்படும். ஏற்கெனவே `3f` ஆகிவிட்ட பெயர்களுக்கு, பதிவேற்றத்தின்போது செயலி மூலப்பெயரைத் தரவுத்தளத்தில் தனியே எழுதி வைத்திருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். இல்லையேல் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துப் பெயரிட வேண்டியதுதான்.