கட்டைவிரல் மறைத்த எண்

"சார், ஒரு எண் போட்டோவில் விழவில்லை. வேறுபாட்டு அட்டவணை போட்டு எடுத்துவிட்டேன். நான்காம் வேறுபாடு கரெக்டாக சைபர் வருது." இந்த மாதம் வாட்ஸ்அப்பில் இப்படி வருவது இது மூன்றாவது தடவை. மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

வந்த படம் ஸ்டீம் டேபிளில், அதாவது நீராவி அட்டவணையில், ஒரு பக்கம். வெப்பநிலை 5 டிகிரி இடைவெளியில் போகிறது, பக்கத்தில் பூரித அழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் நீர் கொதிக்கும் அழுத்தம், கிலோபாஸ்கலில். 100 டிகிரிக்கு 101.42, 105க்கு 120.90. 110க்கான எண்ணின் மேல் கட்டைவிரல். அப்புறம் 115க்கு 169.18, 120க்கு 198.67.

பக்கத்து இரண்டு எண்களின் சராசரியைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் 145.04 வரும். அழுத்தம் நேர்கோட்டில் ஏறுவதில்லை, போகப்போக வேகமெடுக்கிறது. அதனால் சராசரி எப்போதும் கொஞ்சம் கூடவே நிற்கும். தெரிந்த எண்கள் நான்கு என்பதால் மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றை அவற்றின் வழியே செலுத்தலாம். அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் முதல் வேறுபாடு, அவற்றை மறுபடி அதேபோல் கழித்தால் இரண்டாம் வேறுபாடு, இப்படியே நான்காவது வரை போகலாம். மூன்றாம் படிக்கு நான்காம் வேறுபாடு பூஜ்யம். மறைந்ததை y என்று வைத்தால்:

6y = 4(120.90 + 169.18) − (101.42 + 198.67)

y = 143.37. அச்சிட்ட அட்டவணையில் 143.38 இருக்கிறது. முறை நல்ல முறைதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை எதில் என்றால், இந்தப் பையன் அனுப்பிய விடை 144.205. 120 டிகிரி எண்ணை 193.67 என்று படித்திருக்கிறான். மங்கலான படத்தில் 8 என்பது 3 ஆகத் தெரிவது சகஜம், அதற்குத் திட்டமாட்டேன். ஆனால் "நான்காம் வேறுபாடு பூஜ்யம் வந்தது, அதனால் சரி" என்கிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தம்பி, பூஜ்யம் என்று வைத்ததே நீதானே? வைத்ததுதான் திரும்பி வந்திருக்கிறது. நான்கு எண்களில் எதைத் தப்பாகப் படித்தாலும், ஏன், நான்கையும் கற்பனையாக எழுதினாலும், அந்தப் பூஜ்யம் வந்தே தீரும். அவனுடைய மூன்றாம் வேறுபாடுகள் இரண்டும் −2.155, அச்சு அசலாக ஒன்று. பார்க்க எவ்வளவு அழகு! அந்த அழகுக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. முதல் வேறுபாட்டு வரிசையைப் பார்த்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்: 19.48, 23.305, 24.975, 24.49. ஏறிக்கொண்டே போக வேண்டியது கடைசியில் இறங்குகிறது.

நிஜமான சோதனை வேண்டுமென்றால், கணக்கில் சேர்க்காத எண்கள் வேண்டும். அதே படத்தின் கீழே 125க்கு 232.23, 130க்கு 270.28 தெளிவாகவே இருந்தன. அவற்றையும் சேர்த்து இரண்டாம் வேறுபாட்டை எடுத்தேன்:

```
3.825   1.67   −0.485   14.07   −0.51
```

சீராகப் போக வேண்டிய வரிசையில் 14.07 குதித்து நிற்கிறது, இரண்டு பக்கமும் பள்ளம். ஓர் எண்ணில் பிழை இருந்தால் இரண்டாம் வேறுபாட்டில் அது 1, −2, 1 என்ற விகிதத்தில் பரவும். நடுவில் இருப்பது 120 டிகிரி வரிசை. அங்கே 4 சொச்சம் வந்திருக்க வேண்டும், பத்து கூடியிருக்கிறது. அப்படியானால் அந்த எண் 5 குறைவாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 193.67 உடன் 5 கூட்டினால் 198.67. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 8தான். திருத்திய பிறகு அதே வரிசை 2.99, 3.34, 3.68, 4.07, 4.49 என்று ஒழுங்காக ஏறுகிறது.

இன்னொன்று. மறைந்த எண் நடுவில் இருந்ததால் பையன் தப்பித்தான். சூத்திரத்தில் 6ஆல் வகுக்கிறோம், அதனால் 5 பிழை விடையில் 0.83 ஆகச் சுருங்கிவிட்டது. மறைந்தது ஓரத்து எண்ணாக இருந்து, மற்ற நான்கிலிருந்து இதே முறையில் எடுத்திருந்தால், நடு எண்ணில் செய்த 5 பிழை 30 ஆக வெளியே வந்திருக்கும். பெரும்பாலும் மறைவது ஓரம்தான், படமெடுக்கும்போது வெட்டுப்படுவது அதுதானே.

ஆகவே, மறைந்த எண்ணுக்கு மேலே இரண்டு வரிசை, கீழே நான்கு வரிசையாவது படத்தில் விழட்டும். தலைப்பு வரிசையை வெட்டாதீர்கள். கிலோபாஸ்கலா, பாரா என்று நான் ஜோசியம் பார்க்க முடியாது. இடைவெளி பாதியில் 5இலிருந்து 10 ஆகிறதா என்று முதல் நெடுவரிசையை விரல் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் இந்தச் சூத்திரம் செல்லாது. கண்டெடுத்த எண்ணைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் 'மதிப்பீடு' என்று போடுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், புத்தகம் கையிலேயே இருந்தால் கட்டைவிரலை நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள்.