அங்கே 60, இங்கே ஏன் 40?

திருவொற்றியூரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு ஆட்டோக்காரர் பழக்கம். சாலைப் பாதுகாப்பு ஆய்வுதான் என் வேலை என்பது அவருக்குத் தெரியும். போன மாதம் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மணலி பக்கம் போற அந்த ரோடும் நாலு லைன், நடுவுல மீடியன். நம்ம ரோடும் அதே நாலு லைன், அதே மீடியன். அங்க 60ன்னு போர்டு, இங்க 40. எதைப் பார்த்து போடுறாங்க இதெல்லாம்?"

"உனக்கு ரெண்டு இடத்திலயும் 40தானே, உனக்கென்ன?" என்றேன். சிரித்துவிட்டு, "மச்சான் கார் ஓட்டுறான்ல, அவனுக்குத்தான்" என்றார்.

நான் சொன்னது பாதி கிண்டல், பாதி சட்டம். நம் நாட்டில் வேக வரம்பு இரண்டு அடுக்காக வருகிறது. முதல் அடுக்கு வண்டிக்கானது. 2018-இல் மத்திய அரசு அறிவித்தபடி, நகர எல்லைக்குள் காருக்கு உச்சம் 70, சரக்கு வண்டிக்கும் பைக்குக்கும் 60. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை அதைவிடக் குறைவாக வைத்தது: காருக்கு 60, கனரக வண்டிக்கும் பைக்குக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. இரண்டாவது அடுக்கு இடத்துக்கானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, ஒரு குறிப்பிட்ட சாலைக்கு இன்னும் குறைவான வரம்பு வைக்க இடம் தருகிறது. இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஓட்டுநர் பின்பற்ற வேண்டும். மச்சானுக்கு அங்கே 60, இங்கே 40 என்பது இந்த இரண்டாவது அடுக்கில் வரும் வித்தியாசம்.

அந்த 40-ஐப் பரிந்துரைத்த குழுவில் நானும் இருந்தேன். அதை டீக்கடையில் சொல்லவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு சாலைகளும் இரட்டைப் பிறவி மாதிரிதான். ஒரு தடம் மூன்றரை மீட்டர், பக்கத்துக்கு இரண்டு தடம், நேர்கோடு, மேடு பள்ளம் கிடையாது. சாலையைப் போட்டவர் இரண்டையும் ஒரே வேகத்துக்குத்தான் வடிவமைத்திருப்பார். ஆனால் வடிவமைப்பு வேகம் என்பது வளைவையும் தளத்தையும் வைத்து வண்டி எவ்வளவு வேகத்தில் நிலைகுலையாமல் போகும் என்பதைச் சொல்கிறது. ஓரத்தில் யார் நிற்கிறார், நடுவில் யார் கடக்கிறார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதற்கு நடந்துதான் பார்க்க வேண்டும்.

மணலிப் பக்கச் சாலையில் நான் நடந்த 800 மீட்டரில் மீடியனில் ஒரே ஒரு திறப்பு இருந்தது. இரு பக்கமும் தொழிற்சாலைச் சுவர். யாரும் கடக்கவில்லை, கடக்கக் காரணமும் இல்லை. நம் சாலையில் அதே 800 மீட்டரில் ஐந்து திறப்பு. அதில் இரண்டை யாரோ கல்லைப் பெயர்த்து உண்டாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் குடியிருப்பு, எதிர்ப்பக்கம் ரேஷன் கடை, பால் பூத், பஸ் நிறுத்தம். அப்புறம் முக்கியமானது: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் முறைக்காக இடது தடத்தில் வரிசையாக நிற்கும். மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் சாலையின் பாதி அவர்களுடைய வாகன நிறுத்துமிடம்.

அன்று காலை ஏழேகாலுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். பால் வாங்கிய தூக்குடன் ஒரு அம்மா இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் வந்து நின்றார். கன்டெய்னரின் உச்சி தரையிலிருந்து நாலு மீட்டர் உயரம். வரும் வண்டிக்கு அவர் தெரியவே மாட்டார், அவருக்கும் வண்டி தெரியாது. அதனால் தலையை மட்டும் நீட்டினார், பின்வாங்கினார், மறுபடி நீட்டினார். மூன்றாவது முறை கால் வைத்தார். வேகம் இங்கே எவ்வளவு இருக்கலாம் என்று தீர்மானிப்பது அந்த மூன்றாவது முறைதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி என்று நம் சாலை விதிமுறைகள் வைத்துக்கொள்கின்றன. அதிகம் என்று தோன்றும்; ஆனால் களைத்தவர், வயதானவர், செல்போனைப் பார்த்தவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. அந்த 2.5 வினாடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். பிறகுதான் பிரேக் பிடிக்கும் தூரம். இரண்டையும் கூட்டினால் 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 30 மீட்டர் வேண்டும், 40-இல் 45 மீட்டர், 50-இல் 60 மீட்டர், 60-இல் 80 மீட்டர்.

அந்த அம்மா 45 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டார் என்று வைத்துக்கொள்வோம். 40-இல் வந்த கார் அவருக்கு முன்னால் நின்றுவிடும். 50-இல் வந்த கார்? பத்து கி.மீ.தானே கூடுதல், லேசாகத் தட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. முதல் 35 மீட்டர் பிரேக் பிடிக்கும் முன்பே போய்விடும். மீதிப் பத்து மீட்டரில் வேகம் 39-க்குத்தான் இறங்கும். அந்த வேகத்தில் மோதும். 60-இல் வந்த கார் கிட்டத்தட்ட 42 மீட்டரை வெறும் யோசனையிலேயே கடந்துவிடும். மோதும்போது அதன் வேகம் 57. அந்த ஓட்டுநர் பிரேக் பிடித்தேன் என்று காவல் நிலையத்தில் சொல்வார். பொய் சொல்லமாட்டார், பிடித்துத்தான் இருப்பார்.

நடப்பவர்மேல் 30 கி.மீ.யில் கார் மோதினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். 50-ஐத் தாண்டும்போது அந்த வாய்ப்பு சட்டென்று சரிகிறது. உலக அளவில் பாதுகாப்பு வல்லுநர்கள் வேக வரம்பை மனித உடல் தாங்கும் அளவிலிருந்தே தொடங்குகிறார்கள்: நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30, சந்திப்பில் கார்கள் பக்கவாட்டில் மோதக்கூடிய இடத்தில் 50, மீடியன் இல்லாமல் எதிரெதிரே மோதக்கூடிய இடத்தில் 70. மணலிப் பக்கச் சாலையில் நடப்பவர் கலப்பதில்லை, எதிரெதிர் மோதலை மீடியன் தடுக்கிறது. 60 அங்கே நியாயமாகவே பொருந்துகிறது. நம் சாலையில் மூன்று வகை மோதலும் ஐந்து திறப்புகளில் காத்திருக்கின்றன.

விபத்துப் பதிவைப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் பெரிய சந்திப்புதான் மோசம் என்று தெரியும். அங்கே நெரிசலில் ஊர்ந்து போகும்போது பம்பர் உரசல் நிறைய நடக்கும், யாரும் சாகமாட்டார்கள். நேரான பகுதியில் நடப்பது குறைவு, ஆனால் நடந்தால் சாவு அல்லது கால் போகும். அதனால்தான் சாலை அமைச்சகம் 'கரும்புள்ளி' என்று அறிவிக்கும்போது, சுமார் 500 மீட்டரில் மூன்று ஆண்டுகளில் ஐந்து கொடுங்காய அல்லது உயிரிழப்பு விபத்துகள், இல்லாவிட்டால் பத்து உயிரிழப்புகள் என்று கொடுமையை வைத்து எண்ணுகிறது. எங்கள் பகுதியில் பதிவாகியிருந்தவற்றில் பாதிக்கு மேல் இரவில் நடந்தவை. நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் பைக் போய் முட்டியது. பின்விளக்கு இல்லாத, சேறு படிந்த டிரெய்லர், தாழ்த்திய பைக் விளக்கில் 40 மீட்டர் அருகில் வந்தால்தான் கண்ணில் படும். 60-இல் வந்தவருக்கு அது போதாது என்பது மேலே உள்ள கணக்கிலேயே தெரியும்.

சரி, ஓட்டுநர்கள் உண்மையில் எந்த வேகத்தில் போகிறார்கள்? அதை அளக்க ஒரு பழைய முறை இருக்கிறது. முன்னால் வண்டி இல்லாமல் தன் விருப்பத்துக்குப் போகும் நூறு வண்டிகளின் வேகத்தை ரேடார் துப்பாக்கியால் எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பார்ப்பது. பெரும்பாலான ஓட்டுநர்கள் புத்தியுள்ளவர்கள், அவர்களில் 85 பேர் எதைத் தாண்டவில்லையோ அதுவே நியாயமான வரம்பு என்பது அதன் நம்பிக்கை. வண்டிகள் மட்டுமே ஓடும் நெடுஞ்சாலைக்கு அது சரிதான். நம் சாலைக்கு அது ஏமாற்றும். பகலில் அளந்தபோது எங்களுக்கு 42 வந்தது, ஏனென்றால் டிரெய்லர் வரிசை ஒரு தடத்தை அடைத்திருந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் அதே இடத்தில் 61. பகல் எண்ணை மட்டும் வைத்திருந்தால், எல்லோரும் ஏற்கெனவே 40-இல்தான் போகிறார்கள், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருப்போம். இன்னொன்று, மஞ்சள் சட்டையோடு ஓரத்தில் நின்று துப்பாக்கியைத் தூக்கினால் எதிரே வருபவர் காவல் துறை என்று நினைத்துக் காலை எடுத்துவிடுவார். நாங்கள் காருக்குள் உட்கார்ந்துதான் எடுத்தோம்.

40 போர்டு வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து இரவில் அளந்தேன்: 58. மூன்றுதான் குறைந்திருந்தது. காரணம் தெரிய நான் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. போர்டு இடது ஓரத்தில், டிரெய்லருக்குப் பின்னால் முழுசாக மறைந்திருந்தது. போர்டு தெரிந்தாலும், பதினாலு மீட்டர் அகலத்தில் காலியாகக் கிடக்கும் சாலை ஓட்டுநரிடம் 60 என்றுதான் சொல்லும்.

அப்புறம் மீடியனிலும் ஒரு போர்டு வந்தது. பெயர்த்த இரண்டு திறப்புகளை மூடினார்கள். பால் பூத் எதிரே கடக்கும் இடத்தை மேடாக்கி, அதற்கு முன்னால் இருபது மீட்டர் தூரம் டிரெய்லர் நிற்காதபடி கம்பம் நட்டார்கள். அந்த இடத்தில் 40-கூட அதிகம் என்பதுதான் என் கருத்து. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் 45 மீட்டர் முன்னால் தெரிவதே அதிர்ஷ்டம். மேடு வந்தபின் அங்கே இரவில் 31. ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளி அளந்தால் மறுபடி 54. மேட்டைத் தாண்டியதும் இழந்த நேரத்தைப் பிடிக்க ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். இன்னொரு மேடு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கனமான டிரெய்லர் ஏறி இறங்கினால் வீடு அதிர்கிறது என்று பக்கத்துத் தெருக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

இதையெல்லாம் ஆட்டோக்காரரிடம் இரண்டு டீ குடிக்கும் நேரத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மணலி ரோட்ல 60 சரிதாங்கிறீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

"அங்க கேட்டுக்கு எதிர்ல புதுசா பிரியாணிக் கடை போட்டிருக்கான், பார்த்தீங்களா? கம்பெனி ஆளுங்க எல்லாம் சாப்பிட குறுக்கால ஓடுறாங்க. மீடியன்ல ரெண்டு கல்லை எடுத்துட்டாங்க."

சனிக்கிழமை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கல் இல்லை, மூன்று.