வெறும் இரும்பில் தப்பாகத் தெரியும் படிதான் சரியான படி

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து நிற்கும் டபுள் ஹைட் ஹால் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு போட்டோவோடு வருவார்கள். ஹாலில் நின்று அண்ணாந்து எடுத்த படம். ஓரமாக மெல்லிய இரும்புப் படி, மேலே மெஸனைன் என்கிற இடைத்தளம், அதன் அடிப்பக்கமெல்லாம் துல்லியமான கோடுகள். இதை வரைவது கஷ்டமில்லை. கட்டும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தரை மட்டக் கணக்கு. படியில் இறங்கும்போது கடைசி அடி ‘டொக்’கென்று இடிக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு வீட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஹாலின் முடிந்த தரை, அதாவது கிரானைட் போட்டு முடித்த பிறகு கால் படுகிற மட்டம், பூஜ்யம். மெஸனைனின் முடிந்த தரை 2,720 மி.மீ. இதை 16 ஏற்றங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 170 வரும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 190 வரை அனுமதிக்கிறது. ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 170-ஐத் தாண்ட எனக்கு மனம் வராது. பதினாறாவது ஏற்றம் நேராக மெஸனைனில் கால் வைப்பது என்பதால், செய்ய வேண்டிய படிப் பலகைகள் 15.

இந்தப் பூஜ்யத்தை யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் பல நேரம் இன்ஜினியர் இல்லை, வாசக்கால்தான். நல்ல நாள் பார்த்து, பூஜை போட்டு, தரை வேலைக்கு வெகு முன்பே நிலை வைத்துவிடுகிறோம். வைத்த பிறகு அதை யாரும் அசைக்க விடமாட்டார்கள். கீழ் நிலைக்கட்டை எந்த மட்டத்தில் நின்றுவிட்டதோ, அதற்கு ஏற்றபடிதான் ஹாலின் தரையும் அமையும். அதனால் ஹால் தரை எவ்வளவு உயரம் என்பதை நிலை வைக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பூசுவேலை முடிந்ததும், அந்தப் பூஜ்யத்திலிருந்து சரியாக 1,000 மி.மீ. மேலே வீடு முழுக்கச் சுற்றி ஒரு கோடு அடிக்க வேண்டும். லேசர் இருந்தால் நல்லது. டியூப் லெவலும் போதும், குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. அதற்கப்புறம் டைல்ஸ் மேஸ்திரி, வெல்டர், தச்சர் எல்லோரும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளக்கவே கூடாது. ஏனென்றால் அன்றைக்குக் காலுக்குக் கீழே இருப்பது தரையே இல்லை.

இந்த வீட்டில் ஹாலில் அப்போது இருப்பது கரடுமுரடான கான்கிரீட். முடிந்த தரைக்கு 75 கீழே இருக்கிறது. அதன்மேல் 55 கலவை, 20 கிரானைட் வரப்போகிறது. மெஸனைனில் இரும்புச் சட்டத்தின் மேல் 18 மி.மீ. சிமெண்ட் போர்டும் 12 மி.மீ. மரத்தளமும் வரும். ஆக இரும்பின் தலை 2,690-ல் நிற்க வேண்டும். மெஸனைனிலிருந்து கார் போர்டிகோ மேல் உள்ள அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. அந்த அறை கான்கிரீட் தளம், டைல்ஸுக்கு 50 வேண்டும். அதனால் அந்தத் தளத்தின் தலை 2,670. இரும்பும் கான்கிரீட்டும் 20 மி.மீ. ஏற்ற இறக்கமாக நின்றால்தான் கடைசியில் கதவடியில் இரண்டு தரையும் ஒன்றாகச் சேரும். இரண்டையும் ஒரே மட்டத்தில் பிடித்துவிட்டால் அங்கே நிரந்தரமாக ஒரு தடுக்கல் உண்டாகிவிடும்.

இப்போது படிக்கு வருவோம். ஒவ்வொரு படியிலும் இரும்புத் தகட்டின் மேல் 40 மி.மீ. தேக்குப் பலகை வருகிறது. முதல் படியின் மரம் 170-ல் நிற்க வேண்டும் என்றால் தகடு 130-ல் இருக்க வேண்டும். கரட்டுத் தரையிலிருந்து அளந்தால் அது 205. நடுவில் தகட்டுக்குத் தகடு 170. பதினைந்தாவது தகடு 2,510-ல் இருக்கும், மெஸனைன் இரும்பு 2,690-ல். அங்கே இடைவெளி 180. ஆக வெறும் இரும்பாக நிற்கும்போது இந்தப் படி கீழே 205, நடுவே 170, உச்சியில் 180 என்று கோணலாகத் தெரியும். பார்க்கிற யாராக இருந்தாலும் “முதல் படி ஒசரமா இருக்கே சார்” என்பார்கள். வீட்டுக்காரரும் போன் போடுவார். நல்ல வெல்டர் என்றால் அதைத் ‘திருத்திக்’ கொடுக்கக்கூடப் பார்ப்பார். ஆபத்து அங்கேதான்.

அவர் பாட்டுக்குக் கரட்டுத் தரையிலிருந்து மெஸனைன் இரும்பு வரை டேப் வைத்தால் 2,765 வரும். பதினாறால் வகுத்தால் 172.8. எல்லாத் தகடும் ஒரே சீராக, பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் கிரானைட் 75 ஏறும், படியில் மரம் 40 ஏறும், மேலே தளம் 30 ஏறும். முடிவில் முதல் ஏற்றம் 138, நடுவெல்லாம் 173, கடைசி 163. முதல் படியில் 35 மி.மீ. குறைவு. ஏறும்போது கால் அந்தச் சின்ன ஏற்றத்துக்குப் பழகி, இரண்டாவது படியில் விரல் தட்டும். இறங்கும்போது எதிர்பார்த்ததற்கு முன்பே தரை வந்து இடிக்கும். அமெரிக்காவின் குடியிருப்பு விதிகள் ஒரே படிக்கட்டில் உயர வித்தியாசம் 9.5 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்கின்றன.

பிறகு சரி செய்ய முடியாதா என்று கேட்பார்கள். மொத்தப் படியையும் தூக்கி வைத்துப் பார்த்தாலும் நடுவில் உள்ள 14 ஏற்றங்கள் சேர்ந்து 2,419-ஐ எடுத்துக்கொண்டுவிட்டன. மீதம் 301-தான். அதை முதலுக்கும் கடைசிக்கும் பாதி பாதியாகப் பிரித்தாலும் ஆளுக்கு 150. அப்போதும் 22 மி.மீ. உதைக்கிறது. தகடுகளை அறுத்துத் திரும்பப் பற்றவைப்பது ஒன்றுதான் வழி. அதனால் வெல்டிங்குக்கு முன்னால் படி ஒட்டிப்போகும் சுவரில் முடிந்த படி மட்டங்கள் பதினைந்தையும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் 40 கீழே தகட்டின் கோட்டையும் போடச் சொல்கிறேன். வெல்டர் டேப்பை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்து வைப்பார்.

கீழிருந்து பார்க்கிற படி என்பதால் அடிப்பக்கமும் முகப்புதான். படியின் அடித்தகடு, போல்ட் எல்லாம் கரட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கிரானைட் வந்து அதை மூடிக்கொள்ளும். கிரானைட் மேல் உட்கார வைத்தால் போல்ட் தலை தெரியும், துளைபோட்ட கல்லும் விரிசல் விடும். மரப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை குழிந்துவிடும். பின்பக்கம் திறந்த படி என்றால், 6 மி.மீ. தகடு போக 124 மி.மீ. சந்து மிஞ்சும். குழந்தை இருக்கும் வீட்டில் அது அதிகம். தகட்டின் கீழே 30 மி.மீ. பட்டை ஒன்றை ஓட்டினால் நூறுக்குள் வந்துவிடும். கீழிருந்து பார்க்கவும் அது ஒரு நிழல்கோடு மாதிரி நன்றாகவே இருக்கும்.

மெஸனைன் ஓரச் சட்டம் 200 மி.மீ. சேனல். அதன் அடி 2,490-ல். ஜன்னல் மேல்விளிம்பும் அதே உயரத்தில் என்றால் எங்காவது கொஞ்சம் சாய்ந்தாலும் சோபாவில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். 4.5 மீட்டர் நீளச் சட்டம் ஆட்கள், சாமான்களின் பாரத்தில் 15 மி.மீ. வரை தாழலாம் என்று இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 800 சொல்கிறது. அது விதி அனுமதிக்கிற உச்சம்தான், பார்வைக்குப் போதாது. நான் ஒரு அளவு கனமான சேனலாகவே கேட்பேன்.

மெஸனைன் ஓரக் கைப்பிடியை இதே கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். வெறும் இரும்பிலிருந்து 1,000 என்று வெட்டினால் மரத்தளம் வந்தபின் 970-தான் மிஞ்சும். வெட்ட வேண்டியது 1,030.